தைராய்டு மாத்திரைக்குப் பின் நான்கு மணி நேரம்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பணிபுரியும் 52 வயதுப் பெண்மணி ஒருவர், 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு வந்தார். ஆயினும், 2 ஆக இருந்த அவருடைய டி.எஸ்.எச். அளவு 11 ஆக உயர்ந்தது. சோர்வும் மலச்சிக்கலும் திரும்பின. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் விசாரித்தோம். எலும்புத் தேய்வுக்கான கால்சியம், இரத்தசோகைக்கான இரும்புச்சத்து ஆகிய மாத்திரைகளையும், மறந்துவிடக் கூடாதென்று, மூன்று மாதங்களாக அதே வேளையில் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்.

கால்சியமும் இரும்பும் குடலில் தைராக்ஸினைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பிணைந்த மருந்து இரத்தத்தில் சேராமல் மலத்துடன் வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் உட்கொண்ட தைராக்ஸினின் பெரும்பகுதி உறிஞ்சப்பட ஏறக்குறைய மூன்று மணி நேரமாகும். அதனால்தான் நான்கு மணி நேர இடைவெளி கேட்கிறோம்.

அவருக்கு அளவைக் கூட்டவில்லை. காலை 5 மணிக்குத் தண்ணீருடன் தைராக்ஸின், மதியம் இரும்புச்சத்து, இரவு உணவுடன் கால்சியம் என நேரத்தை மட்டும் மாற்றினோம். காப்பியும் உறிஞ்சுதலைக் குறைக்குமாதலால், ஒரு மணி நேரம் கழித்தே அருந்தச் சொன்னோம். மலைக்குளிரில் அது எளிதன்று என்பதை அறிவேன். எட்டு வாரங்களில் டி.எஸ்.எச். 2.6 ஆகத் தாழ்ந்தது. அளவைக் கூட்டியிருந்தால், பின்னாளில் கால்சியத்தை நிறுத்தும்போது தைராக்ஸின் மிகையாகி நெஞ்சுப் படபடப்பு தோன்றியிருக்கும்.

சத்து மாத்திரைகள் பலவற்றிலும் இரும்பும் கால்சியமும் உண்டு. பரிசோதனைக்கு வரும்போது, கடையில் நீங்களே வாங்கியவை உட்பட, எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள்.