நிறத்தை நம்பலாமா? பழைய வீட்டின் மூன்று மின்கம்பிகள்

எமது வீட்டுச் சுவருக்குள் செல்லும் மின்கம்பிகள் மூன்று வகையானவை. மின்சாரத்தைக் கொண்டுவருவது உயிர்க்கம்பி. அதனைத் திரும்பக் கொண்டுசெல்வது நொதுமற் கம்பி. பழுது ஏற்படும்போது எம்மைக் காப்பது புவிக்கம்பி. மின்வேலை செய்பவர்கள் இவற்றை லைவ், நியூட்ரல், ஏர்த் என்பார்கள். பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் எந்த நிறம் எதற்கு என்று உடனே சொல்வார்கள். ஆனால் முப்பது நாற்பது வருடப் பழைமையான ஒரு வீட்டில் அந்த விடை உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிறங்கள் ஏன் குழம்புகின்றன?

எமது நாட்டுப் பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பியாகவும், கறுப்பு நொதுமலாகவும், பச்சை புவிக்கம்பியாகவும் பயன்பட்டன. பிற்காலத்தில் மண்ணிறம் உயிருக்கும், நீலம் நொதுமலுக்கும், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கும் என்று மாறியது. ஒரு வீட்டின் முன்பகுதி பழைய முறையிலும், பின்னர் கட்டிய குசினி புதிய முறையிலும் இருப்பது சாதாரணம். மூன்று கட்ட மின்சாரம் உள்ள பழைய கட்டடத்தில் நீலம் நொதுமல் அல்ல, அதுவும் ஓர் உயிர்க்கம்பிதான். புதிய முறையை மட்டும் அறிந்தவர் அதனை நொதுமல் என்று எண்ணித் தொட்டுவிடலாம்.

கம்பியின் உறையும் காலத்தால் மாறுகிறது. சூட்டினாலும் வெளிச்சத்தினாலும் சிவப்பு வெளிறிப் பழுப்பாகிறது. விறகடுப்புப் புகை படிந்த குசினியில் எல்லாக் கம்பியும் கறுப்புத்தான். இவற்றோடு எமது பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 1995 இடப்பெயர்வின்போது கைவிடப்பட்ட பல வீடுகளில், மீண்டும் வந்தவர்கள் கையில் கிடைத்த கம்பியைக் கொண்டே திருத்தவேண்டியிருந்தது. ஒரே நிறக் கம்பியால் மூன்றையும் இழுத்த வீடுகளும் இருக்கின்றன.

நிறம் சரியாக இருந்தாலும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அது மின்குமிழின் சுவிட்ச். அதற்குள் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் இருந்தால், கறுப்பு நொதுமல் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் நொதுமல் சுவிட்சுக்கு வருவதேயில்லை. சிவப்பு மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. கறுப்பு அதனை மின்குமிழுக்குக் கொண்டுபோகிறது. சுவிட்சைப் போட்டதும் அந்தக் கறுப்பும் உயிர்க்கம்பியாகிவிடும்.

ஒரு குசினியில் கண்டது

வலிகாமத்தில் ஒரு வீடு. 1970களில் கட்டப்பட்டது. கணவனை இழந்த சகோதரி ஒருவர் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் அங்கு வசிக்கிறார். குளிர்சாதனப்பெட்டியின் கதவைத் தொடும்போது "மெல்லமாய்க் கடிக்குது" என்று அவர் சொன்னார். செருப்போடு நின்றால் தெரியாது, நிலம் கழுவிய பின் வெறுங்காலோடு தொட்டால் தெரியும். பெட்டி ஒழுங்காகக் குளிரூட்டியது. ட்ரிப் சுவிட்ச் ஒருநாளும் விழவில்லை. அதனால் மாமியார் அதனைப் பெரிதாக எடுக்கவில்லை.

தொழில் தகைமை பெற்ற மின் வேலையாளர் ஒருவரை அழைத்தோம். அவர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிளக் பொயின்றைக் கழற்றினார். உள்ளே மூன்று கம்பிகள். ஒன்று வெளிறிய சிவப்பு, மற்ற இரண்டும் கறுப்பு.

"சிவப்புத்தானே அண்ணை லைவ்?" என்று அந்தச் சகோதரி கேட்டார்.

"அப்பிடித்தான் இருக்கவேணும் தங்கச்சி. ஆனால் மீற்றர் சொல்லட்டும்" என்றார் அவர்.

முதலில் அந்த வரியில் இருந்த எல்லாச் சாதனங்களையும் கழற்றிவைத்தார். மூன்று கம்பி நுனிகளையும் ஒன்றோடொன்று முட்டாதபடி தனித்தனி இணைப்பிகளில் இறுக்கி, சிவப்புக்கு 1, கறுப்புகளுக்கு 2, 3 என்று நாடாவில் எழுதி ஒட்டினார். பின்னர் எல்லோரையும் விலகி நிற்கச்சொல்லி மின்சாரத்தைப் போட்டு, விறாந்தையில் ஒழுங்காக வேலைசெய்யும் பொயின்றில் தன் மல்ரிமீற்றரை வைத்து 230 வோல்ற் காட்டுகிறதா என்று பார்த்தார். மீற்றரே பழுதாக இருந்தால் உயிர்க்கம்பியையும் அது பூச்சியம் என்று காட்டிவிடும். ஆகவே அளப்பதற்கு முன்னும் பின்னும் இந்தச் சோதனை அவசியம்.

அதன் பின்னர் மூன்று கம்பிகளையும் அளந்தார். 1க்கும் 2க்கும் இடையில் 229 வோல்ற். 2க்கும் 3க்கும் இடையில் 95. 1க்கும் 3க்கும் இடையில் 60.

1, 2 இரண்டில் ஒன்று உயிர், மற்றது நொதுமல் என்பது முதல் அளவிலிருந்து தெரிந்தது. எது எது என்று அந்த அளவு சொல்லாது. அதற்கு மூன்றாவது ஓர் ஆதாரம் வேண்டும். மீற்றருக்குப் பக்கத்தில் நிலத்தில் இறக்கிய ஏர்த் கம்பியிலிருந்து நீளமான வயர் ஒன்றைக் குசினிவரை இழுத்து, அதனோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டார். சிவப்புக்கு 1 வோல்ற். இரண்டாவதான கறுப்புக்கு 230. அதாவது கறுப்புத்தான் உயிர்க்கம்பி, சிவப்பு நொதுமல். முன்பு திருத்தியவர் எங்கோ மூட்டில் மாற்றிக் கட்டியிருந்தார்.

மாறியிருந்தும் குளிர்சாதனப்பெட்டி எப்படி வேலைசெய்தது? உயிரும் நொதுமலும் இடம் மாறினாலும் சாதனம் இயங்கும். ஆனால் பொயின்றின் சுவிட்ச் நொதுமலை மட்டுமே துண்டிக்கும். நிறுத்தியாயிற்று என்று நாம் எண்ணும்போதும் சாதனத்துக்குள் 230 வோல்ற் நின்றுகொண்டிருக்கும்.

எதனோடும் சேராத கம்பி

மூன்றாவது கம்பி காட்டிய 95, 60 என்ற அளவுகள் உயிருக்கும் உரியவை அல்ல, புவிக்கும் உரியவை அல்ல. ஒழுங்கான புவிக்கம்பி உயிர்க்கம்பியோடு ஏறக்குறைய 230 வோல்ற் காட்டவேண்டும், நொதுமலோடு ஒரு சில வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. இப்படி நடுவில் நிற்கும் அளவு, அந்தக் கம்பி எதனோடும் சேராமல் தொங்குகிறது என்பதற்கு அடையாளம். பக்கத்தில் ஓடும் உயிர்க்கம்பியின் தாக்கத்தால் அதில் ஒரு பொய் அழுத்தம் தோன்றுகிறது. மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கும் மல்ரிமீற்றர் அதனையும் காட்டிவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க, மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்றிலும் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பின், மீற்றரை ஓம் அளவுக்கு மாற்றினார். விநியோகப் பெட்டியில் அந்த வரியின் கம்பிகளைக் கழற்றி நீள வயரால் ஒவ்வொன்றாகத் தொடுத்துப் பார்த்தார். சிவப்பும் இரண்டாவது கறுப்பும் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டின. மூன்றாவது பெட்டியில் இருந்த எந்தக் கம்பியோடும் சேரவில்லை. கூரைக்குள் ஏறிப் பார்த்தபோது, முறுக்கி நாடா சுற்றிய பழைய மூட்டு ஒன்றில் செப்புக்கம்பி பச்சை பூத்து அற்றுப்போயிருந்தது.

குளிர்சாதனப்பெட்டி கடித்த காரணம் இதுதான். அதன் உடலுக்குச் சிறிதளவு மின்சாரம் கசிவது இயல்பு. புவிக்கம்பி இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். அறுந்திருந்ததால் தொடுபவரின் உடலே பாதையாயிற்று. அத்தனை சிறிய கசிவுக்கு ட்ரிப் சுவிட்ச் விழாது. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், கசிவு நிலத்துக்குப் போகத் தொடங்கினால்தான் அறியும். புவிக்கம்பி இருந்தால் பெரிய பழுது ஏற்பட்ட அந்தக் கணமே, யாரும் தொடுமுன் அது விழுந்துவிடும். இல்லாவிட்டால் ஒருவர் தொடும்வரை காத்திருக்கும்.

பொயின்றுக்குப் பச்சை மஞ்சள் கலந்த புதிய புவிக்கம்பி இழுக்கப்பட்டது. மூட்டில் மாறியிருந்த கம்பிகள் திருத்தப்பட்டு, நுனிகளில் சரியான நிற நாடா சுற்றப்பட்டது. மீண்டும் அளந்தபோது உயிருக்கும் நொதுமலுக்கும் 230, உயிருக்கும் புவிக்கும் 229, நொதுமலுக்கும் புவிக்கும் 1. வெறுங்காலோடு தொட்டாலும் பெட்டி இப்போது கடிப்பதில்லை.

நொதுமலா, புவியா?

புவிக்கம்பி அறாமல் இருந்திருந்தால் வேறொரு சிக்கல் வந்திருக்கும். நொதுமல், புவி இரண்டுமே உயிரோடு 230 காட்டும், தமக்குள் பூச்சியத்துக்கு அண்மையாகக் காட்டும். மீற்றரால் மட்டும் பிரிக்கமுடியாது. அப்போதும் மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியில் கழற்றி, ஓம் அளவில் தொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. உயிருக்கும் புவிக்கும் இடையே மின்குமிழைக் கொளுவிப் பார்ப்பவர்களும் உண்டு. அதனைச் செய்யவிடாதீர்கள். புவிக்கம்பி எங்காவது அறுந்திருந்தால், அதனோடு சேர்ந்த எல்லாச் சாதனங்களின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும்.

இரண்டும் மாறியிருந்தால் வீட்டில் ஓர் அடையாளம் தெரியும். அந்தப் பொயின்றில் எந்தச் சாதனத்தைப் போட்டாலும் ட்ரிப் சுவிட்ச் விழும். சுவிட்ச் பழுது என்று சொல்லி அதனை நீக்கிக் கட்டச்சொல்வது பெரும் தவறு.

ரெஸ்ரரும் சோதனைப் பொத்தானும்

பல வீடுகளில் இருக்கும் திருகாணி ரெஸ்ரரின் சிறு விளக்கு உயிர்க்கம்பியில் எரியும். ஆனால் பொய் அழுத்தத்திலும் மங்கலாக எரியலாம். நொதுமல் அறுந்திருந்தால் அதிலும் எரியும். உலர்ந்த பலகையில் நிற்பவருக்கு உண்மையான உயிர்க்கம்பியிலும் தெளிவாக எரியாமல் விடலாம். புவிக்கம்பி நல்லதா என்று அது சொல்லவே சொல்லாது.

ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவது நல்லது. ஆனால் அது சுவிட்ச் விழுகிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறது. புவிக்கம்பியே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் அது விழும்.

நிலத்தில் உள்ள ஏர்த் கம்பியின் தடையை அறிய அதற்கென உள்ள தனிக் கருவி வேண்டும். மல்ரிமீற்றர் 230 காட்டியதால் ஏர்த் நல்லது என்று முடிவுசெய்ய முடியாது. எமது செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் பல வீடுகளில் அந்தக் கம்பி ஆழமாக இறங்குவதில்லை. மண் காய்ந்தால் தடை கூடும். ஆகவே அதனைக் கோடை காலத்தில் சோதிப்பதே பொருத்தம்.

நாம் கேட்கவேண்டியது

பொயின்றுகளை நாமே திறக்கவேண்டியதில்லை. வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன் மூன்று அளவுகளைக் காட்டும்படி கேளுங்கள். உயிருக்கும் நொதுமலுக்கும், உயிருக்கும் புவிக்கும் ஏறக்குறைய 230. நொதுமலுக்கும் புவிக்கும் பூச்சியத்துக்கு அண்மை. பின்னர் புவிக்கம்பி பெட்டிவரை தொடர்கிறதா என்று மின்சாரத்தை நிறுத்தி ஓம் அளவிலும் காட்டச்சொல்லுங்கள். பொயின்றை முன்னிருந்து பார்க்கும்போது பெரிய துளை மேலே இருந்தால் அது புவி, கீழே வலது உயிர், இடது நொதுமல். இந்த ஒழுங்கு சதுரத் துளைப் பொயின்றுக்கும் பழைய வட்டத் துளைப் பொயின்றுக்கும் ஒன்றே.

எந்தச் சாதனமாவது சிறிதாகக் கடித்தாலும் அதனைக் கழற்றிவிட்டு அன்றே ஆளை அழையுங்கள்.