ஓடும்போது தாங்குவது எது?

அரை மாரத்தான் ஓடி முடித்த பெண்கள் பலருக்கு, கால் வலியைவிட முன்னால் நினைவுக்கு வருவது குளியலறை எரிச்சல்தான். தண்ணீர் பட்டதும் மார்புக்குக் கீழே ஒரு கோடு சுரீரென்று பிடிக்கும். அக்குள் ஓரத்திலும் சிலருக்கு எரியும். ஓடும்போது மார்பகம் குலுங்கி வலிப்பது வேறு தொல்லை. லண்டன் மாரத்தான் ஓடிய பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மார்பக வலி உண்டு என்று சொன்னார்கள். புண்ணும் வலியும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டை உடம்புக்குப் பொருந்தாததுதான்.

மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. தோலும், உள்ளே ஓடும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் பிடிமானம். ஓடும்போது அது மேலும் கீழுமாக மட்டும் ஆடுவதில்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆடி, ஏறக்குறைய எட்டு என்ற எண்ணைப் போல ஒரு வளைவை வரைகிறது. அதனால் தோளிலிருந்து மேலே இழுத்துக் கட்டினால் மட்டும் ஆட்டம் நிற்காது. கீழே விலாவைச் சுற்றி ஒரு பட்டை அசையாமல் நிற்க வேண்டும். பாரத்தின் பெரும்பகுதியை அதுவே ஏற்க வேண்டும். ஸ்ட்ராப் அதற்குத் துணை மட்டுமே. தோளில் பள்ளம் விழுகிற அளவுக்கு ஸ்ட்ராப்பை இறுக்கினால், பட்டை செய்யாத வேலையைத் தோள் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெண்கள் ஓடுவதற்கென்று ஒரு பிரா வந்ததே 1977இல்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற ஓட்டக்காரரும், நாடக உடை வடிவமைக்கும் பாலி ஸ்மித்தும், ஹிண்டா மில்லரும் சேர்ந்து, ஆண்கள் விளையாடும்போது அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை ஒன்றாகத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். அந்த மாதிரியிலும் விலாவைச் சுற்றிப் பிடித்தது ஜாக்ஸ்ட்ராப்பின் இடுப்புப் பட்டைதான்.

இப்போது கடையில் கிடைப்பவை பொதுவாக இரண்டு வகை. மார்பகங்களை ஒன்றாக மார்போடு அமுக்கிப் பிடிப்பது ஒன்று. தலைவழியாக மாட்டிக்கொள்ளும் சாதாரண ஸ்போர்ட்ஸ் பிரா இது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கப்பில் ஏந்துவது இன்னொன்று. சிறிய மார்பகம் உள்ளவர்களுக்கு முதல் வகை போதும். C கப்புக்கு மேலே போனால், கப்பும் அமுக்கமும் சேர்ந்த பிராவையே நீண்ட ஓட்டத்துக்குப் பரிந்துரைப்பேன். பின்னால் கொக்கி இருப்பதும் நல்லது. பட்டை நாளடைவில் தளரும்போது அடுத்த கொக்கிக்கு மாறலாம். நனைந்து ஒட்டிக்கொண்ட பிராவைத் தலைவழியாகக் கழற்றப் போராட வேண்டியதும் இல்லை. அந்தப் போராட்டத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் கொக்கியின் அருமை தெரியும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் வருடக்கணக்கில் 36B அணிகிறார். வீட்டில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, மார்புக்கு நேர் கீழே இஞ்ச் டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றி அளக்கிறார்: 32 அங்குலம். மார்பின் மிக உயர்ந்த இடத்தில் 36 அங்குலம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4. அங்குலத்துக்கு ஒரு கப் என்று எண்ணினால் D வருகிறது. அதாவது அவருக்குப் பொருந்தக்கூடியது 32D. இவ்வளவு தூரம் எப்படி விலகியது? அடிச்சுற்றளவோடு நான்கு அங்குலம் கூட்டிப் பட்டை அளவு சொல்லும் பழைய கணக்கு இன்னும் சில கடைகளில் உண்டு. 36B, 34C, 32D மூன்றிலும் கப்பின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் கப் சரியாக இருப்பதுபோல் தெரிந்து, பட்டை தளர்வாக இருப்பது இத்தனை காலமாகத் தெரியவில்லை. அவர் நேராக 32D எடுத்தால் மூச்சு முட்டுவதுபோல் தோன்றலாம். 34Cயை முதலில் போட்டுப் பார்த்து, அதுவும் நழுவினால் 32Dக்கு இறங்கலாம். S, M, L என்று மட்டும் அளவு எழுதியிருந்தால் கப் வித்தியாசத்துக்கு அங்கே இடமே இல்லை. நிறுவனம் தரும் அளவு அட்டவணையில் அடிச்சுற்றளவைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது முதலில் கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பட்டையைப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் மேலே ஏறியிருந்தால் தளர்வு. புதிய பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வானதில் மாட்ட வேண்டும். அப்போதே பட்டையை உடம்பிலிருந்து இழுத்தால் இரண்டு விரல் அளவுக்கு மேல் வரக்கூடாது. கப்பின் மேலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கப் சிறிது. துணி சுருங்கினால் பெரிது. பிறகு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டை கூடவே ஏறினால் அது ஓட்டத்தில் நிச்சயம் உரசும். கடைசியாக, நின்ற இடத்திலேயே அரை நிமிடம் ஓடிப் பாருங்கள். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் உள்ளாடையைப் போட்டுப் பார்க்க விடுவதில்லை. இணையத்தில் வாங்கினாலும் பல இடங்களில் உள்ளாடையைத் திருப்பி எடுப்பதில்லை. வாங்குவதற்கு முன் அந்த விதியைப் படித்துவிட வேண்டும்.

இனி புண். தோல் காய்ந்திருக்கும்போது துணி அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. லேசாக ஈரமானதும் பிடித்து இழுக்க ஆரம்பிக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் பட்டையில் தேங்குகிறது. அதன் உப்பு காய்ந்து சன்னமான பொடியாக மாறி, தோலுக்கும் துணிக்கும் நடுவில் அரைக்கிறது. ஐந்து கிலோமீட்டரில் தெரியாதது பதினைந்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நீண்ட ஓட்டத்துக்கு ஈரத்தை வெளியே கடத்தும் செயற்கை இழைத் துணியே பொருத்தம். பருத்திதான் உடம்புக்கு நல்லது என்ற நம் வழக்கமான பேச்சு இங்கே செல்லாது.

புண் விழுந்த விதமே காரணத்தைக் காட்டும். அகலமாகத் தேய்ந்து சிவந்திருந்தால் பட்டை நகர்கிறது. சிறிய அளவு வேண்டும். ஒல்லியான, ஆழமான கோடாக இருந்தால் பட்டை அதிகம் இறுகுகிறது, அல்லது அந்த இடத்தில் தையல் மடிப்போ லேபிளோ இருக்கிறது. பிராவை உள்பக்கம் திருப்பி விரலால் தடவினாலே தெரியும். இதயத்துடிப்பு அளக்கும் மார்புப் பட்டை அணிபவர்கள், இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடப் புறப்படும் முன், காய்ந்த தோலில், பட்டையும் தையலும் படும் இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தாராளமாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் போய்விடும். டால்கம் பவுடர் வியர்வையில் கட்டியாகி நிலைமையை மோசமாக்கும். எந்தப் பிராவையும் போட்டி நாளில் முதன்முதலாக அணியக்கூடாது. பயிற்சியின் நீண்ட ஓட்டம் ஒன்றிலாவது அது தேற வேண்டும்.

தோல் உரிந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜெல்லி தடவி, ஆறும்வரை தளர்வான உடை அணிந்தால் போதும். ஆனால் எரிச்சலுக்குப் பதில் அரிப்பு இருந்து, சிவப்பின் ஓரம் நாளுக்கு நாள் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், தொற்று உள்ளே பரவிக்கொண்டே போகும். அப்போது போக வேண்டியது தோல் மருத்துவரிடம்.