வைஃபை 1, ஜிக்பீ 11: எண் வேறு, இடம் ஒன்று

காலையில் ஒழுங்காக எரியும் ஸ்மார்ட் பல்பு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் முரண்டு பிடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் இரண்டு விநாடி கழித்து எரிகிறது. சில சமயம் எரிவதே இல்லை. மாடிப்படியில் ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார், ஆள் ஏறிப்போய் வீட்டுக் கதவைத் திறந்த பிறகு சாவகாசமாக விளக்கைப் போடுகிறது. ஆப்பைத் திறந்தால் படுக்கையறை விளக்குக்கு எதிரே ‘Unreachable’ என்று இருக்கிறது. பல்பு கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மாற்றிக் கொடுத்த புதுப் பல்பும் அதே எட்டு மணிக்கு அதையேதான் செய்யும்.

ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டில் வேறு என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஹாலில் டிவி இணையத்திலிருந்து படம் இறக்கிக்கொண்டிருக்கும், ஆளுக்கொரு போனில் வீடியோ ஓடும், பக்கத்து வீடுகளிலும் அதே கதை. அத்தனையும் ரவுட்டர் வழியாகப் போகிறது. பல்பையும் சென்சாரையும் ஹப்போடு இணைக்கிற ஜிக்பீயும், ரவுட்டரின் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5-இல் முடிகிற இந்தக் குறுகிய பட்டையை, குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் இல்லாமலே பயன்படுத்த இந்தியாவில் 2005-இல் அனுமதி வந்தது. ப்ளூடூத்தும் இங்கேதான் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் இங்கேதான் விழுகிறது.

இரண்டு தொழில்நுட்பமும் மரியாதை தெரிந்தவைதான். அனுப்புவதற்கு முன் அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் இரண்டும் அனுப்பும். ஆனாலும் ஜிக்பீயே தோற்கிறது. முதல் காரணம் சக்தி. ஜிக்பீ கருவி சில மில்லிவாட்டில் பேசுகிறது. ரவுட்டரின் குரல் அதைப்போலப் பல மடங்கு. கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ஒருவர் ரகசியம் சொல்வதுபோலத்தான். ரகசியம் பேசுகிறவருக்கு ஒலிபெருக்கி கேட்கிறது, அதனால் அவர் காத்திருக்கிறார். ஒலிபெருக்கிக்காரருக்கோ இவர் பேசுவதே தெரிவதில்லை.

இரண்டாவது காரணம் வேகம், இது பலருக்குத் தெரியாதது. ஜிக்பீ ஒருமுறை காதுகொடுத்துக் கேட்பதற்கு 128 மைக்ரோவிநாடி ஆகிறது. ‘சரி, யாரும் இல்லை’ என்று முடிவுசெய்த பிறகு, கேட்பதிலிருந்து அனுப்புவதற்கு மாற இன்னும் 192 மைக்ரோவிநாடி வேண்டும். வைஃபையோ காத்திருப்பை 9 மைக்ரோவிநாடித் துண்டுகளாக எண்ணுகிறது. ஜிக்பீ வாயைத் திறப்பதற்குள் வைஃபை புகுந்து பேச ஆரம்பித்துவிடும். இரண்டும் மோதினால் சிதைவது ஜிக்பீயின் செய்திதான். அது திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். எரியத் தாமதமாகும் அந்த இரண்டு விநாடி இப்படித்தான் போகிறது. எல்லா முயற்சியும் வீணானால் ‘Unreachable’.

சேனல் எண்ணைப் பார்த்து விலகிப் போனால் போதாதா என்று தோன்றும். அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. வைஃபைக்கு 1 முதல் 13 வரை சேனல்கள், ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை. இரண்டு எண் வரிசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வைஃபையின் 11-ஆம் சேனல் 2462 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டது. ஜிக்பீயின் 11 இருப்பது 2405-இல், பட்டையின் மறு கோடியில். ‘ரவுட்டர் 11-இல் இருக்கிறது, அதனால் ஹப்பை 11-இலிருந்து மாற்றிவிட்டேன்’ என்று சொல்கிறவர், நல்ல இடத்தைக் காலிசெய்துவிட்டு நெரிசலுக்குள் குடிபோயிருக்கலாம். ரவுட்டரை 1-இல் வைத்துவிட்டு ஹப்பை 11-இல் விடுகிறவர் இரண்டையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.

எண்களை மறந்துவிட்டு மெகாஹெர்ட்ஸைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வைஃபை சேனல் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஜிக்பீயுடையது வெறும் 2. வழக்கமாகப் பயன்படும் வைஃபை சேனல்கள் மூன்று. அவற்றில் 1 என்பது 2402 முதல் 2422 வரை, 6 என்பது 2427 முதல் 2447 வரை, 11 என்பது 2452 முதல் 2472 வரை. நடுநடுவே ஐந்து மெகாஹெர்ட்ஸ் சந்துகள் விடுபடுகின்றன. முதல் சந்தில் 2425-இல் ஜிக்பீ 15 உட்கார்ந்துகொள்கிறது, அடுத்ததில் 2450-இல் ஜிக்பீ 20. மூன்றையும் தாண்டிய மேல்கோடியில் 25-ம் 26-ம் இருக்கின்றன. பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் ஹப் 11, 15, 20, 25 என்ற நான்கு சேனல்களை மட்டுமே பயன்படுத்துவதற்குக் காரணம் இப்போது புரியும். 26 இன்னும் தள்ளி இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அது பட்டையின் விளிம்பு. பல கருவிகள் அங்கே சக்தியைக் குறைத்துக்கொண்டுதான் அனுப்பும், சில அங்கே வரவே வராது.

ஒரு அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். டிவி அலமாரியில் ரவுட்டர், அதன் தலைமேலேயே ஹப். ஹப் ஜிக்பீ 20-இல் இருக்கிறது. சந்தில்தானே இருக்கிறது, பிறகென்ன தொந்தரவு? ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அலசும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் சொந்த ரவுட்டர் 11-இல் தெரிகிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் இரண்டு 6-இலும், ஒன்று 11-இலும், மெலிதாக ஒன்று 1-இலும் தெரிகின்றன. இதுவரை குற்றம் ஒன்றும் இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால்தான் விஷயம் வெளிவருகிறது. ‘Channel: Auto’, ‘Channel Width: 40 MHz’. அகலத்தை 40 ஆக்கும்போது 11-ஆம் சேனல் கீழ்ப்பக்கமாக இன்னொரு சேனலையும் சேர்த்துக்கொண்டு 2432 முதல் 2472 வரை பரவுகிறது. 2450-இல் இருந்த சந்து அடைபட்டுவிட்டது. ஹப் நட்ட நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலை, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிய பகுதியில் அகலத்தை 20 MHz ஆக்குவது. நெரிசலான குடியிருப்பில் 40 வைத்து ஆகும் லாபம் சொற்பம். வேகம் வேண்டிய டிவியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதே நல்லது. ஜிக்பீ அந்தப் பக்கமே வருவதில்லை. அடுத்தது, Auto-வை எடுத்துவிட்டு ரவுட்டரை 1-இல் நிறுத்துவது. Auto என்றால் ரவுட்டர் தன் வசதிக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஹப் அதன் பின்னால் ஓட முடியாது. 3, 4 என்று நடுவில் ஒன்றைப் பிடிப்பதும் தவறு, அது சந்தின் மேலேயே உட்காரும். இவை முடிந்த பிறகு ஹப்பை 25-க்கு, அதாவது 2475-க்கு மாற்ற வேண்டும். இப்போது சொந்த ரவுட்டர் 2422-இல் முடிந்துவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரருடையது 2472-இல். ஹப்புக்கு மேல்கோடி கிடைத்துவிட்டது. ஒரே எச்சரிக்கை: அக்கம்பக்கத்தில் யாராவது வைஃபை 13-இல் இருந்தால் 25-ம் 26-ம் அதற்குள் போய்விடும். அப்போது 20 தேவலை.

ஹப்பை ரவுட்டரின் தலையிலிருந்து இறக்குவதும் சேனல் மாற்றுவதற்குச் சமமான வேலை. வைஃபையின் அலை 20 மெகாஹெர்ட்ஸ் எல்லையில் கத்தரித்ததுபோல நிற்பதில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் வழியும். ஒரு சாண் தூரத்தில் அந்த வழிசலே ஜிக்பீயை மூழ்கடிக்கப் போதும். பெட்டியோடு வரும் நெட்வொர்க் கேபிள் குட்டையாக இருப்பதால்தான் பாதிப் பேர் இரண்டையும் ஒட்டி வைக்கிறார்கள். நீளமான கேபிள் ஒன்றை வாங்கி ஹப்பை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே பல வீடுகளில் தொல்லை குறைந்துவிடும்.

சேனல் மாற்றுவதற்கு முன் வைஃபைதான் குற்றவாளியா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. ஹப் கேபிளில் இணைந்திருந்தால் இது எளிது. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் விளக்கைப் பலமுறை போட்டு அணைத்துப் பார்க்கலாம். உடனுக்குடன் எரிந்தால் சந்தேகம் சரி. அப்போதும் தாமதித்தால், அல்லது காலை மாலை என்றில்லாமல் எப்போதுமே தகராறு என்றால், தூரத்தையோ சென்சாரின் பேட்டரியையோ பார்க்க வேண்டும்.

கணினியில் யுஎஸ்பி குச்சி செருகி ஹோம் அசிஸ்டன்ட் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு. யுஎஸ்பி 3.0 துளையும் அதன் ஹார்டு டிஸ்க் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புகின்றன. 2012-இல் இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. இந்த இரைச்சல் பட்டை முழுவதும் பரவுவதால் எந்தச் சேனலுக்கு ஓடினாலும் தப்ப முடியாது. ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் போட்டுக் குச்சியைத் தள்ளி வைப்பதுதான் வழி. ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளில் ஏற்கெனவே வைத்திருக்கும் சேனல் 11. ரவுட்டரை 1-இல் வைப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் இப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்:

```yaml
advanced:
  channel: 25
```

மாற்றும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஹப் ‘நான் இடம் மாறுகிறேன்’ என்று எல்லாக் கருவிகளுக்கும் அறிவித்துவிட்டுத்தான் போகிறது. சுவர் சுவிட்சில் அணைத்து வைத்த பல்புக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேராது. ஆகவே எல்லா விளக்குகளின் சுவிட்சையும் போட்டு வைத்துவிட்டு மாற்ற வேண்டும். பேட்டரி சென்சார்கள் பெரும்பாலான நேரம் தூங்குபவை. அவை விழித்து, ஹப்பைக் காணாமல் தேடி வருவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். வராதவற்றின் பொத்தானை அழுத்தி எழுப்பிப் பார்க்கலாம். அதற்கும் மசியாததை ஹப்போடு மறுபடி இணைக்க வேண்டியதுதான். அதனால்தான் முதலில் ரவுட்டர், பிறகு ஹப் என்ற வரிசை. ரவுட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் போன் தானே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும், சென்சாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளேயே ஹப் பொதிந்த சில ஸ்பீக்கர்களில் சேனலை மாற்றும் வசதியே இல்லை. அங்கே நகர வேண்டியது ரவுட்டர் மட்டும்தான்.

இணைய நிறுவனத்து ஆள் வந்து ரவுட்டரை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ சேனல் பெரும்பாலும் Auto-வுக்கும், அகலம் பழைய அளவுக்கும் திரும்பிவிடும். அவர் கிளம்புவதற்கு முன்பே அந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.