ஓடி நின்ற பிறகு வரும் முதல் நிமிடம்

ட்ரெட்மில் டெஸ்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். பெல்ட்டின் வேகமும் ஏற்றமும் கூடக் கூட மூச்சு வாங்கும். மார்பில் ஒட்டிய வயர்கள் வழியே ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும். இனி முடியாது என்று சொன்னதும் வேகத்தைக் குறைப்பார்கள். டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் அந்த நேரத்திலும் மெஷின் துடிப்பைக் குறித்துக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் துடிப்பு எத்தனை இறங்குகிறது என்பதைப் பார்ப்பதற்காகவும்தான் அது.

இந்த இறக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 12 என்ற எண்ணைச் சொல்வார்கள். அது 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இதயப் பரிசோதனைக்காக அனுப்பப்பட்ட 2,428 பேரை ட்ரெட்மில்லில் ஏற்றி, பிறகு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்கள் நான்கில் ஒரு பங்கு. அந்தக் கூட்டத்தில் ஆறு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 19 பேர் இறந்தார்கள். நன்றாக இறங்கியவர்களில் நூற்றுக்கு 5 பேர். வயது, உடல் திறன், இதயத்துக்கு ரத்தம் பாய்வதைக் காட்டும் ஸ்கேன் முடிவு என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகவே நின்றது.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். மெதுவாக இறங்கியவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவர் டெஸ்டுக்கு அனுப்பியவர்கள். சராசரி வயது 57. காலையில் பூங்காவில் ஓடும் முப்பது வயது இளைஞருக்கு அதே எண்ணை அப்படியே பொருத்திப் பயமுறுத்துவது சரியல்ல.

ஒரு நிமிட இறக்கத்துக்கு இவ்வளவு எடை எப்படி வந்தது? துடிப்பைத் தொடங்கிவைக்கும் இதயத்தின் முடிச்சு, நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் நிமிடத்துக்கு நூறு அளவில் துடிக்கும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை ஒரு பிரேக் போல அழுத்திப் பிடித்திருப்பதால்தான் ஓய்வில் நமக்கு எழுபது, எழுபத்தைந்து என்று இருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் முதலில் அந்தப் பிடி தளர்கிறது. வேகம் கூடினால் அட்ரினலின் முதலியவை சேர்ந்து துடிப்பை இன்னும் மேலே தள்ளுகின்றன. நின்றதும் ரத்தத்தில் உள்ள அட்ரினலின் உடனே வடிந்துவிடாது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வேகஸோ சில நொடிகளில் திரும்பி வந்துவிடும். ஆகவே முதல் நிமிட இறக்கத்தில் பெரும்பங்கு வேகஸின் வேலை. 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அட்ரோபின் கொடுத்து வேகஸைத் தடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தொடக்க வேக இறக்கம் மறைந்தது. விளையாட்டு வீரர்களுக்கு அது வேகமாகவும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மிக மெதுவாகவும் இருந்தது.

எனவே இந்த எண் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சொல்வதில்லை. நரம்பு மண்டலம் இதயத்தை எவ்வளவு சுறுசுறுப்பாகத் திரும்பப் பிடிக்கிறது என்பதைச் சொல்கிறது. நன்றாக இறங்குகிறது என்பதற்காக, மாடி ஏறும்போது வரும் நெஞ்சு வலியை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

12 என்ற எண்ணோடு ஒட்டிவந்த ஒரு நிபந்தனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளீவ்லாந்தில் அவர்கள் முழுவதுமாக நிறுத்தவில்லை. அந்த நிமிடத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அதே மருத்துவமனையில் பிறகு நடந்த வேறொரு ஆய்வில், எக்கோ எடுப்பதற்காக, பெல்ட்டிலிருந்து இறங்கியதும் படுக்கவைத்தார்கள். அங்கே எல்லை 18 என்று வைத்தார்கள். படுத்தால் துடிப்பு வேகமாக இறங்கும், நடந்தால் மெதுவாக இறங்கும். எப்படி நின்றீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

வீட்டில் அளக்க விரும்புகிறவர், மருத்துவர் உடற்பயிற்சிக்குத் தடை சொல்லாதவராக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாதாரணமாக நடந்து, பிறகு ஆறேழு நிமிடம் ஒரே வேகத்தில், பேச்சு துண்டு துண்டாக வரும் அளவுக்குப் போக வேண்டும். லேசான நடையில் துடிப்பு நூறைத் தாண்டவே இல்லையென்றால் இறங்குவதற்கு இடமே இருக்காது. அப்போது வரும் சின்ன எண்ணுக்கு அர்த்தமில்லை. முடிக்கும் கணத்தில் உள்ள துடிப்பைக் குறித்துக்கொண்டு, உடனே மெதுநடைக்கு மாறி, சரியாக அறுபதாவது நொடியில் மறுபடி குறிக்க வேண்டும். சட்டென்று நின்றால் கால்களில் ரத்தம் தங்கித் தலை சுற்றலாம் என்பதாலும் மெதுநடையே நல்லது.

விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் முடித்ததும் பதினைந்து நொடியில் 37 துடிப்பு எண்ணுகிறார். நான்கால் பெருக்கினால் 148. அறுபதாவது நொடியில் தொடங்கி மறுபடி பதினைந்து நொடி எண்ணுகிறார். 33, அதாவது 132. இறக்கம் 16. ஆனால் முதலில் ஒன்றைத் தவறவிட்டு, பின்னால் ஒன்றைக் கூடுதலாக எண்ணியிருந்தால் 144, 136 என்றாகி இறக்கம் 8 ஆகிவிடும். தவறு எதிர்ப்பக்கம் நடந்திருந்தால் 24. ஒரே இதயம், ஒரே நாள்; விரல் சறுக்கியதில் கவலைக்குரியவராகவோ நல்ல உடல்நிலை உள்ளவராகவோ மாறிவிடுகிறார்! 12 துடிப்பு என்பது பதினைந்து நொடியில் வெறும் மூன்று துடிப்புதான்.

மார்பில் கட்டும் பட்டை இதற்கு மிகப் பொருத்தம். அது இதயத்தின் மின் அலையையே படிக்கிறது. கைக்கடிகாரங்கள் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதை ஒளியால் பார்த்துக் கணக்கிடுகின்றன. வேகமாக மாறும் துடிப்பைக் காட்டுவதில் அவை சில நொடிகள் பின்தங்கக்கூடும். பட்டை தளர்ந்திருந்தால் கை வீசும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. திரையில் 150 இரண்டு மூன்று நொடிக்குள் 110 ஆனால் அது இதயத்தின் வேலையல்ல, கருவியின் தடுமாற்றம்.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு உச்சத்துக்கே ஏறாது. அவர்களுடைய இறக்கத்தை மற்றவர்களோடு ஒப்பிட முடியாது. அளப்பதற்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது. காய்ச்சல், தூக்கக் குறைவு, கடும் வெயில், தண்ணீர் குடிக்காமல் ஓடியது ஆகிய எல்லாமே ஒரு நாள் எண்ணைக் கீழே இழுக்கும்.

அதனால் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முடித்து, வாரத்துக்கு ஒரு முறை என்று ஒன்றிரண்டு மாதம் குறித்துவைப்பதுதான் என் பார்வையில் உருப்படியான வழி. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கும், மாரடைப்புக்குப் பிறகு மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலருக்கும் இறக்கம் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல கருவியில், போதிய உழைப்புக்குப் பிறகும், பல முறையும் 12க்குக் கீழேயே இருந்தால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகலாம். உச்சத் துடிப்பு, ஒரு நிமிடம் கழித்த துடிப்பு, அப்போது நடந்தீர்களா உட்கார்ந்தீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும்; அந்த நோய் வேகஸ் நரம்பையே பழுதாக்கக்கூடும் என்பதால், மருத்துவர் தேடும் காரணம் அங்கேயே இருக்கலாம்.