மிச்சம் இருந்த இரண்டு மாத்திரை

தொண்டை வலிக்கு டாக்டர் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுக்கிறார். மூன்றாம் நாளே வலி போய்விடுகிறது. மீதி இரண்டு மாத்திரை, ஃப்ரிட்ஜ் மேலே உள்ள பிஸ்கட் டப்பாவுக்குள் போகிறது. நான்கு மாதம் கழித்து வீட்டில் இருபது வயதுப் பையனுக்குக் காய்ச்சல். சளி, இருமல் எதுவும் இல்லை. தலைவலி இருக்கிறது, பசி இல்லை, சாயந்திரமானால் உடம்பு கொதிக்கிறது. "அன்னைக்குக் கொடுத்ததுல ரெண்டு மிச்சம் இருக்கே, போட்டுக்கோ தம்பி" என்கிறார் அம்மா.

அது டெங்குவாக இருந்தால் மாத்திரை வீண்தான். வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. ஆனால் டைபாய்டாக இருந்தால்தான் சிக்கல். அசித்ரோமைசின் டைபாய்டுக்கும் கொடுக்கிற மருந்து என்பதால், அம்மாவின் ஊகம் பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து. டைபாய்டுக்கு இதைப் பெரும்பாலும் ஏழு நாள் கொடுப்பார்கள். இரண்டு மாத்திரையில் கிருமி கொஞ்சம் அடங்கும், காய்ச்சல் கொஞ்சம் தணியும். "கேட்டுடுச்சு" என்று வீடு நிம்மதியாகும். சில நாளில் காய்ச்சல் திரும்ப வரும்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். டைபாய்டை உறுதி செய்ய நம்பகமான வழி, ரத்தத்தை எடுத்துப் புட்டியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பிளட் கல்ச்சர் என்பது அதைத்தான். ஆன்டிபயாடிக் எதுவும் உள்ளே போவதற்கு முன், காய்ச்சலின் முதல் வாரத்தில் எடுத்தால்தான் கிருமி அகப்பட நல்ல வாய்ப்பு. அப்போதும் எல்லோருக்கும் அகப்படுவதில்லை. அசித்ரோமைசினோ மெதுவாக வெளியேறும் மருந்து. கடைசி மாத்திரை போட்டுச் சில நாள் ஆன பிறகும் உடம்பில் தங்கியிருக்கும். கிருமி உடம்பில் இருக்க, புட்டியில் மட்டும் வளராமல் போகலாம். ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும்.

கல்ச்சர் கைவிட்டால் போவது நோயின் பெயர் மட்டுமல்ல. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதே சோதனையில்தான் தெரியவரும். தெற்காசியாவில் டைபாய்டுக் கிருமி சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்குப் பெரும்பாலும் அசைந்து கொடுப்பதில்லை என்பதால், அந்தத் தகவல் இல்லாத டாக்டர் ஊகத்தில்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும். சரியான சிகிச்சை இல்லாமல் மூன்றாம் வாரம் வரை இழுத்தால், குடலில் ரத்தம் கசியலாம், ஓட்டைகூட விழலாம். ஆகவே எதையாவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்பதைச் சொல்லி, காலி அட்டையையும் கையில் கொண்டு போங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

அட்டையிலும் ஒரு வம்பு உண்டு. மருந்துக் கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி மறுபாதியோடு போயிருக்கும். அதில் இருப்பது பென்சிலின் வகையா, வீட்டில் யாருக்கு அது ஒவ்வாது என்று எதைப் பார்த்துச் சொல்வது? குழந்தைகளின் பவுடர் சிரப் இன்னும் மோசம். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த சிரப்பைத் தண்ணீர் கலந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாளைக்குத்தான் வைத்துக்கொள்ளலாம். பாட்டிலில் உள்ள காலாவதித் தேதி, பவுடராக இருக்கும் வரைக்கும் மட்டுமே. அளவும் அந்தக் குழந்தையின் எடைக்குக் கணக்கிட்டது. தம்பிக்கு வாங்கியது அக்காவுக்குப் பொருந்தாது.

மிச்சத்தை என்ன செய்வது? கழிப்பறையிலோ சிங்க்கிலோ ஊற்ற வேண்டாம். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த மருந்துகளை முழுதாக நீக்குவதில்லை. மீதி நீர்நிலைக்குப் போய், அங்குள்ள கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும். இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல், கழிப்பறையில் போடலாம் என்று 17 மருந்துகளைப் பட்டியலிட்டது. ஃபென்டனில், டிரமடால் போன்ற, தவறிப்போய் ஒருவர் விழுங்கினாலே உயிருக்கு உலை வைக்கும் மருந்துகள் அவை. ஆன்டிபயாடிக் அதில் இல்லை.

கேரளத்தில் 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும், வீட்டு மருந்து மிச்சங்களைத் திரட்டி எரியூட்டும் திட்டத்தைத் தொடங்கினார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால், வேண்டாத மருந்தைத் தனியே கொடுக்கலாம்; 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் குப்பை என்ற வகையில் வைத்திருந்தன. பேட்டரி, உடைந்த தெர்மாமீட்டரோடு சேர்த்து, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். தனியே வாங்காத இடத்தில், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பொடிக்காமல், ஈரமான டீத்தூள் சக்கையோடோ மண்ணோடோ கலந்து, மூடியுள்ள பழைய டப்பாவில் போட்டு டேப் ஒட்டிக் குப்பையில் சேர்க்கலாம். சிரப்புக்கும் இதேதான், சக்கை அதை உறிஞ்சிக்கொள்ளும். உரக்குழியில் மட்டும் கொட்ட வேண்டாம், கொல்லையில் எரிக்கவும் வேண்டாம்.