கணினிக்குள் கணினி ஏன் தவழ்கிறது?

லினக்ஸ் மடிக்கணினி ஒன்றில் மெய்நிகர் கணினியாக விண்டோஸ் 10 நிறுவியிருக்கிறார் ஒருவர். அவருக்கு வேண்டிய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் இந்த ஏற்பாடு. எட்டு கோர் செயலி, 16 ஜிபி நினைவகம். அதில் பாதியை விண்டோஸுக்கே ஒதுக்கிவிட்டார். ஆனாலும் கோப்புறை ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினால் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறது. இன்னும் இரண்டு கோர் கொடுத்துப் பார்க்கிறார், மாற்றமில்லை. பிறகு ‘கெஸ்ட் டூல்ஸ்’ எனப்படும் டிரைவர் தொகுப்பை நிறுவி, டிஸ்க்கின் வகையையும் நெட்வொர்க் அட்டையின் வகையையும் மாற்றி, மறுபடி இயக்குகிறார். அதே செயலி, அதே நினைவகம். ஆனால் இப்போது விண்டோஸ் தன் சொந்த வீட்டில் ஓடுவதைப் போல ஓடுகிறது.

செயலியின் வேகம் இம்மியளவும் கூடவில்லை. அப்படியானால் இத்தனை நேரம் அந்த வேகம் எங்கே போய்க்கொண்டிருந்தது?

விடை தெரிய, இன்டெல் வழிச் செயலிகளின் ஒரு பழைய குறையிலிருந்து தொடங்க வேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், செயலியின் மீது முழு அதிகாரம் இருப்பதாக எண்ணியே எழுதப்பட்டது. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் கெர்னலுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் வெளியே இருக்கும் உண்மையான இயங்குதளமே கவிழ்ந்துவிடும். ஆகவே அதிகாரம் குறைந்த நிலையில் அதை ஓடவிட்டு, அது வரம்பு மீறும் கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம் செயலி தடுத்து நிறுத்தி மேலாளர் மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். 1974-இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் இலக்கணமாக வகுத்தது. இன்டெல் செயலி அந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை.

POPF என்ற கட்டளையைப் பார்த்தால் சிக்கல் புரியும். ‘இனி யாரும் குறுக்கிட வேண்டாம்’ என்று செயலியிடம் சொல்ல கெர்னல் இதைப் பயன்படுத்தலாம். அதிகாரம் இல்லாதவர் சொன்னால் செயலி தடுக்க வேண்டும், புகாராவது எழுப்ப வேண்டும். இன்டெல் செயலி இரண்டையும் செய்யாது. அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். குறுக்கீடு நின்றுவிட்டது என்று கெர்னல் நம்பும், உண்மையில் நின்றிருக்காது. மேலாளருக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இத்தகைய கட்டளைகள் பதினேழு இருப்பதாக 2000-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பட்டியலிட்டது.

1999-இல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது. கெஸ்ட் கெர்னலின் கட்டளைகளை ஓடும்போதே படித்து, ஆபத்தானவற்றை மட்டும் வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி ஓட்டியது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஜென் வேறு வழியில் போனது. கெஸ்ட் கெர்னலையே திருத்தி, ‘நீ மெய்நிகர் கணினியில்தான் ஓடுகிறாய், வேண்டியதை நேரடியாக மேலாளரிடம் கேள்’ என்று சொல்லிக்கொடுத்தது. இதற்குப் பெயர் பாரா விர்ச்சுவலைசேஷன். கெர்னலைத் திருத்த அதன் மூலநிரல் கையில் இருக்க வேண்டும் என்பதால், லினக்ஸுக்குக் கைகொடுத்த இந்த வழி விண்டோஸுக்கு உதவவில்லை.

2005-இன் இறுதியில் இன்டெல் VT-x என்ற வசதியையும், அடுத்த ஆண்டு ஏஎம்டி தன் AMD-V-யையும் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தன. கெஸ்டுக்கென்று தனி ஓட்டநிலை ஒன்று பிறந்தது. அதற்குள் கெஸ்ட் கெர்னல் முழு அதிகாரத்துடன் ஓடலாம்; வரம்பைத் தொட்டால் செயலி அதன் நிலை முழுவதையும் எடுத்துவைத்துவிட்டு மேலாளரிடம் திரும்பும். இப்படித் திரும்புவதற்கு ‘விஎம் எக்ஸிட்’ என்று பெயர். மெய்நிகர் கணினியின் வேகம், மந்தம் எல்லாவற்றையும் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைக்கொண்டு கணக்கிட்டுவிடலாம்.

கெஸ்ட் தன் பாட்டுக்குக் கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் செய்துகொண்டிருக்கும்வரை எக்ஸிட் இல்லை. உண்மையான செயலியில் உண்மையான வேகத்தில் ஓடுகிறது. ஒரு எக்ஸிட் நேர்ந்தால், போய்த் திரும்புவதற்கு மட்டுமே செயலியின் கடிகாரத் துடிப்புகளில் ஆயிரம் என்ற அளவில் செலவாகிறது. சாதாரணக் கூட்டல் ஒன்றுக்கு ஒரு துடிப்பு போதும். வந்த வேலையைச் செய்ய கெர்னலையும் தாண்டி வெளி மென்பொருள் வரை போக வேண்டியிருந்தால் செலவு இன்னும் பல மடங்கு. அதனால்தான் முதல் தலைமுறை VT-x வந்தபோது, விஎம்வேரின் பழைய மாற்றி எழுதும் முறையே பல வேலைகளில் அதை முந்தியது. அந்நிறுவனப் பொறியாளர்கள் ஆடம்ஸும் அகேசனும் 2006-இல் அளந்து காட்டிய உண்மை இது. கெஸ்ட் தன் நினைவக அட்டவணையைத் திருத்தும்போதெல்லாம் எக்ஸிட் நேர்ந்துகொண்டிருந்தது. ஏஎம்டி 2007-இலும் இன்டெல் 2008-இலும் நினைவக அட்டவணையைச் செயலியே இரண்டு அடுக்காகப் படிக்கும் வசதியைக் கொடுத்த பிறகு அந்தக் கூட்டம் அடங்கியது.

செயலிக்கும் நினைவகத்துக்கும் வழி பிறந்துவிட்டது. மிச்சம் இருப்பவை டிஸ்க், நெட்வொர்க், திரை. மடிக்கணினி விண்டோஸ் தவழ்ந்தது இங்கேதான்.

விண்டோஸ் எந்த உதவியும் இல்லாமல் எழுந்து நிற்க, அதற்கு ஏற்கெனவே தெரிந்த வன்பொருள் ஒன்றைக் காட்ட வேண்டும். லினக்ஸின் கேவிஎம் ஏற்பாட்டில் கியூஎமு என்ற மென்பொருள் இந்த வேடத்தை ஏற்கிறது. அது காட்டும் மதர்போர்டு வகைகளில் ஒன்று 1996-இல் வந்த இன்டெல் 440FX. அதனுடன் ஒட்டிய பழைய ஐடிஇ டிஸ்க் இணைப்பும் உண்டு. அந்தக் காலத்து டிஸ்க்குடன் பேச விண்டோஸுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த டிஸ்க் என்று 1F6 என்ற எண்ணுள்ள போர்ட்டில் எழுத வேண்டும். எத்தனை செக்டார் என்று 1F2-இல். எந்த இடத்திலிருந்து என்ற முகவரியை மூன்றாகப் பிரித்து 1F3, 1F4, 1F5-இல். ‘படி’ என்ற ஆணையை 1F7-இல். ஆறு ஆயிற்று. படித்ததை நினைவகத்தில் எங்கே வைப்பது, எந்தத் திசையில் நகர்த்துவது, தொடங்கு என்று இன்னும் சில எழுத்துகள். வேலை முடிந்ததும் நிலை என்ன என்று படித்து, ‘நிறுத்து’ என்று எழுதி, குறியை அழித்து முடிக்க வேண்டும். உண்மையான டிஸ்க்கில் இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்துடிப்பு. மெய்நிகர் கணினியிலோ ஒவ்வொன்றும் ஒரு எக்ஸிட். அதுவும் கியூஎமு வரை போய்த் திரும்பும் எக்ஸிட். ஒரே ஒரு கோரிக்கைக்குப் பத்துக்கு மேல். இந்த இணைப்பில் ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை நகலெடுக்கும்போது என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இல்லாத ஒரு வன்பொருளை நம்பவைக்கக் கொடுக்கும் விலை இது. போர்ட் எண்களெல்லாம் கம்பிகளுக்காக வகுக்கப்பட்டவை. இங்கே கம்பியே கிடையாது. தரவு ஏற்கெனவே அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. கெஸ்டுக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் இத்தனை சடங்கும் மிச்சமாகும். ஜென்னின் யோசனையை கெர்னல் முழுவதற்கும் வைக்காமல் டிரைவருக்கு மட்டும் வைத்தால் போதும். டிரைவரைத் திருத்த விண்டோஸின் மூலநிரல் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் 2007 வாக்கில் உருவாக்கிய விர்ட்டியோ இந்த எண்ணத்தின் பொதுவடிவம்.

விர்ட்டியோவில் கெஸ்டும் மேலாளரும் நினைவகத்தின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் ஒரு பட்டியல், இரண்டு வளையங்கள். வேண்டிய தரவு எங்கே வர வேண்டும் என்பதைக் கெஸ்ட் டிரைவர் பட்டியலில் எழுதி, ‘காத்திருப்பவை’ வளையத்தில் அதன் எண்ணைச் சேர்க்கிறது. இது வெறும் நினைவகத்தில் எழுதுவது, எக்ஸிட் இல்லை. பத்து கோரிக்கை, இருபது கோரிக்கை சேர்ந்த பிறகு ஒரே ஒரு முறை மேலாளரைத் தட்டி எழுப்புகிறது. அந்தத் தட்டல்தான் எக்ஸிட். மேலாளர் வேலையை முடித்து, எண்களை ‘முடிந்தவை’ வளையத்தில் போட்டுவிட்டு ஒரு குறுக்கீடு அனுப்புகிறது. மேலாளர் ஏற்கெனவே விழித்து வேலை செய்துகொண்டிருந்தால் தட்டவே வேண்டாம் என்று கெஸ்டுக்குச் சொல்லவும் ஏற்பாடு உண்டு. கோரிக்கைக்குப் பத்து எக்ஸிட் என்றிருந்தது, பல கோரிக்கைகளுக்கு ஒன்றாகிறது.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். லினக்ஸ் ஹோஸ்டில், விண்டோஸுக்குள் நகலெடுக்கும் வேலை நடக்கும்போதே இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்:

```
sudo perf kvm stat live
```

எக்ஸிட் எதனால் நேர்கிறது என்று வகைவாரியாகத் திரையில் ஓடும். ஐடிஇ டிஸ்க் இருக்கும்போது இன்டெல் செயலியில் `IO_INSTRUCTION` என்ற வரி மேலே வந்து நிற்கும். விர்ட்டியோவுக்கு மாறிய பிறகு அது சரிந்துவிடும்.

‘கெஸ்ட் டூல்ஸ்’ என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாத் தொகுப்பும் ஒன்றல்ல. விஎம்வேர் டூல்ஸில் திரை, நெட்வொர்க், டிஸ்க் மூன்றுக்கும் இத்தகைய டிரைவர்கள் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் முக்கியமாகத் திரை, மவுஸ், பகிர்ந்த கோப்புறை ஆகியவற்றைக் கவனிக்கிறது. அதை நிறுவியதும் கண்ணில் படும் சுறுசுறுப்பு பெரும்பாலும் திரையுடையது, டிஸ்க் அப்படியேதான் இருக்கும். கேவிஎம் பயனர்கள் விண்டோஸுக்கு virtio-win என்ற ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்க வேண்டும். லினக்ஸே கெஸ்ட் என்றால் விர்ட்டியோ டிரைவர்கள் 2008 முதல் கெர்னலிலேயே இருக்கின்றன; அமைப்பில் டிஸ்க் வகையை மாற்றினால் போதும்.

எல்லா மந்தத்துக்கும் இது மருந்தல்ல. வீடியோ குறியாக்கம் போன்ற வேலை முழுவதும் கணக்குதான். அதில் எக்ஸிட் மிகக் குறைவு, எனவே டூல்ஸ் நிறுவியும் நேரம் குறையாது. பயாஸில் VT-x அணைந்து கிடந்தாலும் டூல்ஸால் பயனில்லை. விண்டோஸ் ஹோஸ்டில் ஹைப்பர்-வி முந்திக்கொண்டால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகின் மேல் ஏறி ஓட வேண்டிவரும். சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால் அதுதான் காரணம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஐடிஇ-யில் நிறுவிய விண்டோஸை அணைத்துவிட்டு, டிஸ்க்கை விர்ட்டியோவாக மாற்றி இயக்கினால், நீலத்திரையில் `INACCESSIBLE_BOOT_DEVICE` என்று நின்றுவிடும். புது டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. அல்லது நிறுவப்பட்டிருந்தும், தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டியது என்று விண்டோஸ் அதைக் குறித்துவைக்கவில்லை. பதற வேண்டாம். டிஸ்க்கை மீண்டும் ஐடிஇ ஆக்குங்கள், விண்டோஸ் பழையபடி எழும். பிறகு 1 ஜிபி அளவில் இரண்டாவது டிஸ்க் ஒன்றை விர்ட்டியோ வகையாகச் சேர்த்து இயக்குங்கள். அந்தச் சின்ன டிஸ்க்கின் கன்ட்ரோலர் டிரைவர் இல்லாமல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் தெரியும். Virtio-win ஐஎஸ்ஓவிலிருந்து `viostor` என்பதைக் கொடுங்கள். டிவைஸ் மேனேஜரில் `Red Hat VirtIO SCSI controller` என்ற பெயர் மஞ்சள் குறியில்லாமல் வந்ததும் அணைத்துவிட்டு, முதல் டிஸ்க்கை விர்ட்டியோவாக மாற்றி, சின்ன டிஸ்க்கை நீக்கிவிடலாம். தொடங்குவதற்கு முன் டிஸ்க் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.