குழாய்க்குள் ஓடும் நீரின் வேகம்: பிட்டோ குழாய் சொல்வதும் சொல்லாததும்

பம்பின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும். அது புது பம்பின் கணக்கு. பத்து வருடம் ஓடித் தேய்ந்த பம்பு இன்று எவ்வளவு தள்ளுகிறது என்பதைத் தகடு சொல்லாது. குழாயை வெட்டி மீட்டர் பொருத்தாமலே அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குழாயின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு ஒரு வால்வைப் பொருத்தி, அதன் வழியே மெல்லிய உலோகக் குழல் ஒன்றை உள்ளே நுழைத்தால் போதும். அதற்குப் பெயர் பிட்டோ குழாய்.

பிரான்ஸைச் சேர்ந்த ஆன்றி பிட்டோ என்ற பொறியாளர் 1732இல் பாரிஸின் சேன் ஆற்றில் இதைப் பயன்படுத்தினார். ஆற்றில் ஆழம் போகப்போக நீரோட்டம் வேகமெடுக்கும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். பிட்டோ அளந்து பார்த்தபோது அதற்கு மாறாக, ஆழத்தில் வேகம் குறைவதுதான் தெரிந்தது. அவருடைய கருவியில் இருந்தவை இரண்டே கண்ணாடிக் குழல்கள்: ஒன்று நேரானது, இன்னொன்று நுனி வளைந்து நீரோட்டத்தை எதிர்நோக்கியது. வளைந்த குழலில் நீர் எவ்வளவு கூடுதலாக ஏறுகிறது என்பதுதான் அளவு. 1850களில் ஆன்றி டார்சி துளைகளைச் சிறிதாக்கி, நீர்மட்டத்தை அப்படியே பிடித்து நிறுத்த ஒரு வால்வும் சேர்த்து, கருவியை நம்பத்தக்கதாக்கினார்.

இன்றைய குழாயிலும் அடிப்படை அதேதான். நுனித் துளை நீரோட்டத்தை நேருக்கு நேர் பார்க்கிறது. அங்கே வந்து முட்டும் நீர் நின்றுவிடுவதால், அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறுகிறது. குழலின் பக்கவாட்டில் உள்ள துளைகளின் மேல் நீர் உரசிக்கொண்டு போகிறதே தவிர, முட்டுவதில்லை. அதனால் அவற்றுக்குக் குழாயில் ஏற்கெனவே இருக்கும் அழுத்தம் மட்டும்தான் தெரியும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது வேகத்தால் வந்த அழுத்தம்.

இந்த வித்தியாசத்தை நீர்மட்டமாகவே பார்க்கலாம். குழாயின் அழுத்தத்தில் நீர் பல மீட்டர் உயரம் ஏறிவிடும் என்பதால், கண்ணாடிக் குழலைத் தலைகீழ் ‘ப’ வடிவில் வைத்து மேலே காற்றை அடைத்துவிடுவார்கள். காற்று இரு பக்க நீரையும் ஒரே அளவு கீழே அழுத்தும்; மட்ட வித்தியாசம் மட்டும் மாறாமல் இருக்கும். அந்த வித்தியாசத்தை h மீட்டர் என்று வைத்தால் வேகம்:

v = √(2 × 9.81 × h)

டிஜிட்டல் கேஜில் அளவு பாஸ்கலில் வந்தால், அதை இரண்டால் பெருக்கி, 1000ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நல்ல தரமான குழலுக்குத் திருத்தக் குணகம் ஏறத்தாழ 1. தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் விடையை அதனால் பெருக்க வேண்டும். பழைய ஆய்வகங்களில் பாதரசம் ஊற்றிய குழல் இருக்கும். அதில் தெரியும் வித்தியாசத்தை 12.6ஆல் பெருக்கினால்தான் நீர்மட்டம் கிடைக்கும். பாதரசம் நீரைப் போல 13.6 மடங்கு கனமானது என்றாலும், அதன் மேல் நிற்கும் நீரின் கனத்துக்காக ஒன்றைக் கழிக்க வேண்டும். 13.6ஆல் பெருக்கிவிட்டால் வேகம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக வரும்.

இனி ஒரு கணக்கு. உள்விட்டம் 300 மி.மீ. உள்ள குழாய். நுனியை நடுமையத்தில் வைத்தபோது மட்ட வித்தியாசம் 150 மி.மீ. என்று கொள்வோம். சூத்திரத்தில் போட்டால் விநாடிக்கு 1.72 மீட்டர். குழாயின் பரப்பு 0.0707 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 121 லிட்டர் என்று வரும். ஆனால் இந்த விடை தவறு.

பிட்டோ குழாய் சொல்வது அதன் நுனி இருக்கும் ஒரே புள்ளியின் வேகத்தை. குழாயின் நடுவில்தான் நீர் மிக வேகமாக ஓடும். சுவரை நெருங்க நெருங்க உராய்வால் மெதுவாகும். வட்டத்தின் கணக்கும் இதற்குத் துணைபோகிறது. மையத்திலிருந்து பாதி ஆரம் வரை உள்ள பகுதி மொத்தப் பரப்பில் கால்பங்குதான். மீதி முக்கால் பங்கும் சுவர்ப் பக்கம் இருக்கிறது. ஆகவே நடுப்புள்ளியின் வேகத்தை முழுக் குழாய்க்கும் சூட்டக் கூடாது.

இதற்கு, குழாயின் வட்டத்தை ஒரே பரப்பளவுள்ள ஐந்து வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அளவு எடுப்பார்கள். நம் குழாயில் அந்த இடங்கள் மையத்திலிருந்து 47, 82, 106, 126, 142 மி.மீ. தூரத்தில் வரும். குழலின் தண்டில் முன்கூட்டியே குறியிட்டுக்கொண்டு நகர்த்த வேண்டும். அங்கே கிடைத்த அளவுகள் இவை:

47 மி.மீ.: வித்தியாசம் 135 மி.மீ., வேகம் 1.63
82 மி.மீ.: வித்தியாசம் 120 மி.மீ., வேகம் 1.53
106 மி.மீ.: வித்தியாசம் 106 மி.மீ., வேகம் 1.44
126 மி.மீ.: வித்தியாசம் 89 மி.மீ., வேகம் 1.32
142 மி.மீ.: வித்தியாசம் 64 மி.மீ., வேகம் 1.12

ஐந்து வேகங்களின் சராசரி 1.41 மீட்டர். பரப்பால் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 100 லிட்டர். நடுப்புள்ளியை மட்டும் நம்பியிருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருப்போம். இன்னொன்று: ஒவ்வொரு அளவையும் முதலில் வேகமாக மாற்றிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். மட்ட வித்தியாசங்களைச் சராசரி எடுத்து, கடைசியில் ஒரே ஒரு வர்க்கமூலம் போட்டால் விடை எப்போதும் சற்று மிகையாகவே வரும்.

மையத்தின் மறுபக்கத்திலும் இதே ஐந்து அளவுகளை எடுப்பது வழக்கம். எளிமைக்காக இங்கே அவையும் இப்படியே வந்ததாகக் கொண்டோம். இரு பக்கமும் வெகுவாக மாறுபட்டால், கொஞ்சம் முன்னால் ஒரு வளைவோ பாதி திறந்த வால்வோ நீரோட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்குகிறது என்று அர்த்தம். அப்போது நீண்ட நேர்க்குழாய் உள்ள வேறு இடத்தைத் தேட வேண்டும்.

அளவைக் கெடுக்கும் அடுத்த விஷயம், இணைப்பு டியூபில் சிக்கிய காற்றுக் குமிழி. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். நீரோட்டத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்த்தால் இரு மட்டமும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டியூபைத் தட்டி, நீரை ஓடவிட்டுக் குமிழியை வெளியேற்றிய பிறகே அளவைத் தொடர வேண்டும். மட்டம் அசைவே இல்லாமல் கிடந்தாலோ, மிக மந்தமாக ஏறினாலோ, துளையில் வண்டல் அடைத்திருக்கலாம்.

மெதுவான நீரில் இந்தக் கருவி தடுமாறும். வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர் என்றால் மட்ட வித்தியாசம் 5 மி.மீ.கூட வராது. அதில் 2 மி.மீ. தவறாகப் படித்தால் விடை 20 சதவீதத்துக்கு மேல் பிசகும். அதே 2 மி.மீ. பிழை, 100 மி.மீ. வித்தியாசத்தில் விடையை ஒரு சதவீதம்தான் மாற்றும்.

நம் குழாயில் சராசரி வேகம் நடுப்புள்ளி வேகத்தில் 0.82 பங்கு. ஒருமுறை முழுமையாக அளந்து இந்த எண்ணைக் கண்டுவிட்டால், பிறகு குழலை நடுமையத்திலேயே விட்டு, கிடைக்கும் வேகத்தை 0.82ஆல் பெருக்கிக்கொள்ளலாம். குழாயின் உட்சுவரில் உப்பும் துருவும் படிந்தாலோ, முன்னால் உள்ள வால்வின் திறப்பை மாற்றினாலோ அந்த எண் செல்லாது. ஐந்து இடங்களிலும் மறுபடி அளக்க வேண்டியதுதான்.